நிறுத்தி வைத்த ஆறாயிரம்

மகளும் மருமகனும் பேரனும் வந்தால் தன் அறையில் தங்க வைக்க முடியாது என்பது ஹனீப்புக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி பஜாரில் டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. கட்டிலைப் போட்டால் நடக்க இடமில்லை, நடக்க வேண்டுமென்றால் கட்டிலை நிமிர்த்தி வைக்க வேண்டும். மனைவி ஆபிதா மவுத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே ஏறியவர், அப்படியே தங்கிவிட்டார். சிப்காட்டில் ஒரு இரும்பு வார்ப்பு ஆலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. பகலெல்லாம் போல்ட்டும் நட்டும் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து படுத்துக்கொள்ளும் மனிதருக்கு இதற்கு மேல் இடம் எதற்கு என்று அவரே சொல்லிக்கொள்வார். யாராவது கேட்டால்தானே சொல்ல வேண்டும், யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிக்கொள்வார்.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். ஷார்ஜாவில் இருக்கும் மகள் பர்ஹானா, கல்யாணமாகிப் போன மூன்று வருஷத்தில் முதல் முறையாகக் குழந்தையோடு ஊருக்கு வந்திருந்தாள். மாமியார் வீடு ஆம்பூர். அங்கே பத்து நாள் இருந்துவிட்டு, வாப்பாவோடு இரண்டு நாள் என்பது ஏற்பாடு. ஹனீப் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். நெடுஞ்சாலையில் புதிதாக எழும்பியிருந்த ஓட்டலுக்குள் நுழைந்து, வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்குகிற ஏசி அறை ஒன்றை இரண்டு நாளுக்குப் பதிவு செய்தார். ஒரு நாளைக்கு மூவாயிரம்.

கவுன்ட்டரில் இருந்த கேஷியர் தணிகாசலம் அவருடைய ஏடிஎம் கார்டை வாங்கி மெஷினில் இழுத்தான். மெஷின் இரண்டு சீட்டு கக்கியது. ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மற்றொன்றை இவரிடம் கொடுத்தான்.

"இப்ப பணம் எடுக்கல பாய். ரூமுக்காக நிறுத்தி மட்டும் வெச்சிருக்கு. காலி பண்ணும்போதுதான் பில்லு" என்றான்.

ஹனீப்புக்குப் பாதி புரிந்தது. பாதி புரிந்ததற்கே முழுதாகத் தலையாட்டுவது அவர் வழக்கம்.

புதன்கிழமை பர்ஹானா போன் செய்தாள். "வாப்பா, கோச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை புள்ளைக்காக ஊட்ல விருந்து வெச்சிட்டாங்க மாமி. சொந்தக்காரங்க எல்லாம் வராங்க. திங்கக்கிழமை ராத்திரி ஃபிளைட்டு. அங்க வந்து தங்க முடியாது போலருக்கு."

ஹனீப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிமிர்த்தி வைத்த கட்டிலைப் பார்த்தார்.

"அதுக்கென்னமா. நல்ல காரியம்தானே" என்றார்.

"நீங்க வந்துடுங்க வாப்பா. கண்டிப்பா வரணும். இவன் நன்னாவப் பாத்ததே இல்ல."

நன்னா என்றால் தாயைப் பெற்ற தகப்பன். அந்த ஒரு சொல் ஹனீப்பின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. முதன்முதலாகப் பேரன் முகம் பார்க்கிற நன்னா, சபையில் வெறுங்கையோடு போய் நிற்பதா? ஆம்பூர்க்காரர்கள் தோல் வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவர்கள். அவர்கள் நடுவே நின்று பிள்ளையின் கழுத்தில் ஒரு பவுன் சங்கிலி போட வேண்டும். ஓட்டல்தான் இல்லையென்று ஆகிவிட்டதே, அந்த ஆறாயிரத்தோடு இருப்பதைச் சேர்த்தால் சங்கிலிக்குச் சரியாக வரும். கணக்கில் ஒன்பதாயிரத்து நானூறு இருந்தது. அதுதான் அவருடைய மொத்த ஆஸ்தி. அந்த இரவு அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

வியாழக்கிழமை ஓட்டலுக்குப் போய் ரூம் வேண்டாம் என்றார். தணிகாசலம் முகம் சுளிக்கவில்லை. ரெஜிஸ்டரில் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, "முடிஞ்சுது பாய்" என்றான்.

இங்கேதான் நம் ஆள் தன் சாமர்த்தியத்தைக் காட்டினார். அப்படியே திரும்பி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஹனீப் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். ஒரு காலத்தில் அவருடைய வாப்பாவுக்கு இறால் ஏலத்தில் பெரிய கை. அந்தத் துறையில் எல்லாம் துண்டுச் சீட்டுதான். இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதிய சீட்டு, கொடுக்கல் வாங்கல் தீர்ந்ததும் இரண்டு பேர் கண் முன்னாலும் கிழிக்கப்பட வேண்டும். கிழிக்காத சீட்டு உயிரோடு இருக்கும் கடன். எங்கோ கிடந்த ஒரு கிழிக்காத சீட்டைக் கொண்டுவந்து காட்டித்தான் அவர்கள் படகையே ஒருவன் ஓட்டிக்கொண்டு போனான். அதிலிருந்து ஹனீப்புக்குச் சீட்டு என்றாலே ஒரு நடுக்கம்.

"என் கண்ணு முன்னாடி அந்தச் சீட்ட கிழிப்பா" என்றார்.

"எதுக்கு பாய்?"

"கிழி சொல்றேன். இந்தா, எங்கிட்ட இருக்கிறதையும் சேத்துக் கிழி."

தணிகாசலம் ஆட்சேபிக்கவில்லை. அவன் இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் கார்பன் தாளில் கார்டைத் தேய்த்து எடுக்கும் பழைய மெஷின். அந்த மெஷினில் சீட்டுதான் பணம். சீட்டு பேங்குக்குப் போனால் வசூல், கிழித்தால் ஒன்றுமில்லை. ஆகவே இரண்டையும் நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டான். இரண்டு பேருக்கும் திருப்தி. டீ கூட வாங்கிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹனீப் சின்னராசு நகைக்கடையில் உட்கார்ந்து சங்கிலி பார்த்தார். சின்னராசு இருபது வருஷப் பழக்கம், ஆபிதாவின் கடைசி நகை வரை அவர் கடையில் வாங்கியதுதான். மெல்லிய சங்கிலி, பிள்ளைக் கழுத்தை உறுத்தாது. கூலியெல்லாம் சேர்த்து எட்டாயிரம். "ஏடிஎம்ல எடுத்துகினு வந்துடறேன்" என்று எழுந்தார்.

ஏடிஎம் எட்டாயிரம் தர மறுத்தது. போதிய இருப்பு இல்லை என்றது. மறுபடி போட்டார், மறுபடியும் அதே. பேலன்ஸ் சீட்டு எடுத்துப் பார்த்தால் மூவாயிரத்து நானூறு.

ஹனீப் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறாயிரத்தை ஓட்டல்காரன் எடுத்துக்கொண்டான் என்றே நினைத்தார். சின்னராசுவிடம் போய், பேங்கில் ஏதோ பேஜாரு, நாளைக்கு வருகிறேன் என்றார்.

"சங்கிலிய எடுத்துகினு போ பாய். டப்பு எங்க ஓடிடப் போவுது? அப்புறமா குடு."

"வேணாம்பா."

"நமக்குள்ள இன்னா பாய்?"

"கடன்ல வாங்குன நகையப் போய் பேரன் கழுத்துல போடறதா? வேணாம்."

நல்ல மனுஷர் நீட்டியதை வாங்கியிருக்கலாம். ஆனால் கடனில் படகு போன வீட்டுப் பிள்ளையிடம் இதை யார் சொல்வது? வீம்பு என்றும் சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம். எனக்கென்னவோ இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருப்பதாகப் படுகிறது.

சனிக்கிழமை பேங்க் அரை நாள். கதவு திறக்கும்போதே ஹனீப் நின்றிருந்தார். பாஸ்புக்கைக் கொடுத்துப் பதிந்து வாங்கினார். அதில் ஒன்பதாயிரத்து நானூறு, காசு குறையாமல் இருந்தது. அவருக்கு உயிர் வந்தது. மெஷின்தான் பொய் சொல்லியிருக்கிறது. எட்டாயிரத்துக்குப் பணம் எடுக்கும் படிவம் எழுதி நீட்டினார். கவுன்ட்டர் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "வராது சார், மேடத்தப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தான்.

மேடம் என்பது கிரேஸ், கிளையின் ஆபீசர். ஹனீப் பாஸ்புக்கையும் ஏடிஎம் சீட்டையும் அவள் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல ஒம்போதுன்னு போட்டுக்குது. இதுல மூணுன்னு போட்டுக்குது. ரெண்டுல எதுமா பொய்யி?"

கிரேஸ் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். "ரெண்டுமே நெசம்தான் பாய். பணம் உங்க கணக்குல தான் இருக்கு, எங்கயும் போகல. ஆனா ஆறாயிரத்த ஓட்டலுக்காக நிறுத்தி வெச்சிருக்கு. உங்களாலயும் எடுக்க முடியாது, அவங்களுக்கும் இன்னும் போய்ச் சேரல. பாஸ்புக்கு நெசமா போனத, வந்தத மட்டும்தான் எழுதும். நிறுத்தி வெச்சத எழுதாது."

"நான்தான் ரூம் வேணாம்னுட்டேனே. சீட்டக் கூட கிழிச்சாச்சு."

கிரேஸ் தலை நிமிர்ந்தாள். "கிழிச்சிட்டீங்களா?"

"ரெண்டயும்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கோபமில்லை, ஒரு அலுப்பு. "கார்டை இழுத்த அந்த நிமிஷமே மெஷின் போன் லைன்ல பேங்கைக் கேட்டு நிறுத்தி வெச்சிடும் பாய். சீட்டு வெறும் அத்தாட்சி. அதுல ஒரு நம்பர் இருந்திருக்கும். அந்த நம்பரப் போட்டு ஓட்டல்காரரு அதே மெஷின்ல விடுவிச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். ரூம் வேணாம்னு அவங்க ரெஜிஸ்டர்ல அடிச்சது அவங்களுக்கு. பேங்குக்கு யாரு சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை.

"அப்ப அந்தப் பணம்?"

"ஓட்டல் கேக்கலன்னா அதுவா விட்டுடும். எங்க பேங்க்ல பத்து நாள் ஆகும்."

"எனக்கு நாளைக்கு வோணும்மா."

கிரேஸ் சற்று யோசித்தாள். நம்பர் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருந்தது. ஓட்டல்காரர் தங்கள் தாளில், இன்ன தேதியில் இன்ன கார்டில் நிறுத்திய இந்தத் தொகை எங்களுக்கு வேண்டாம், இதை வசூலிக்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தால், அவள் அதை மெட்ராஸில் இருக்கும் கார்டு ஆபீசுக்கு ஃபேக்ஸ் பண்ணுவாள். விடுவிக்கிற அதிகாரம் அவர்களுக்குத்தான், கிளைக்கு இல்லை.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. ரீஃபண்ட் பண்றேன்னு சொல்லி மறுபடியும் கார்டைத் தேய்க்க விடாதீங்க. நெசமா பில்லு போட்டுட்டா பணம் அங்க போயிடும். அப்புறம் அது திரும்பி வர்றது தனிப் பயணம், இதவிட லேட்டாகும்."

ஹனீப் ஷேர் ஆட்டோ பிடித்து ஓட்டலுக்கு ஓடினார். தணிகாசலத்திடம் விஷயத்தைச் சொன்னதும் அவன் கூடையைப் பார்த்தான். கூடை அன்று காலையில்தான் காலியாகியிருந்தது.

"எங்களுக்கு ஒரு பைசா வரல பாய். வராத பணத்த எப்படித் திருப்பறது?" என்றவன், உதவி செய்கிற ஆர்வத்தில் கையை நீட்டினான். "ஒண்ணு பண்லாம். கார்டைக் குடு, ஒரு பில்லு போட்டு உடனே ரீஃபண்ட் அடிச்சிடறேன். கணக்கு நேராயிடும்."

"கார்டைத் தொடாத நீ!" ஹனீப் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு போட்ட சத்தத்தில் லாபியில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு லெட்டர் குடு போதும்."

லெட்டர் கொடுக்க மானேஜர் வேண்டும். மானேஜர் கவரப்பேட்டையில் இருந்து வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டே இருந்தார். ஹனீப் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சுவரில் லண்டன், டோக்கியோ என்று எழுதி வரிசையாகக் கடிகாரங்கள் மாட்டியிருந்தன. ஷார்ஜா இல்லை. லெட்டரோடு அவர் பேங்குக்குத் திரும்பியபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கிரேஸ் குனிந்து வெளியே வந்து அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து சொன்னாள்:

"ஃபேக்ஸ் போயிடுச்சு பாய். ஆனா அங்க ஆபீஸ் முடிஞ்சிருக்கும். திங்கக்கிழமைதான் பாப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஹனீப் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆம்பூருக்கு வண்டிச் செலவுக்குக் காசு இருந்தது. போகலாம். போய் என்ன செய்வது? மிச்சக் காசில் வருகிற சின்ன மோதிரத்தை ஆம்பூர்க்காரர்கள் நடுவே நீட்ட அவருக்கு மனமில்லை. சம்பந்தியம்மாள் பிள்ளையை மடியில் கொடுப்பாள், சுற்றியிருப்பவர்கள் பார்ப்பார்கள், இவர் வெறுங்கையைப் பிள்ளையின் தலையில் வைப்பார். அதை நினைத்துப் பார்க்கவே அவருக்குக் கூசியது. சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு மகளுக்குப் போன் போட்டார்.

"காய்ச்சல்மா. ராத்திரியிலேந்து அனலா கொதிக்குது. புள்ளைக்கு ஒட்டிக்கப் போவுது, நான் வரல."

அந்தப் பக்கம் விருந்துச் சத்தம். பாத்திரம் நகர்கிறது, யாரோ சிரிக்கிறார்கள். "மருந்து சாப்டீங்களா வாப்பா? யாரு பாத்துக்கிறாங்க உங்கள?"

"எல்லாரும் இருக்காங்க" என்றார் ஹனீப்.

போனை வைத்தபின் அந்த எல்லாரும் யார் யார் என்று பார்த்தார். கீழே டயர் கடைக்கு ஞாயிறு விடுமுறை. ஆலைக்கும் விடுமுறை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மத்தியானம் பன்னும் டீயும் சாப்பிட்டார். அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனால் யாராவது, "இன்னா பாய், பேரனைப் பாக்கப் போவலயா?" என்று கேட்பார்கள் என்று அறையிலேயே தொழுதார். இல்லாத காய்ச்சலுக்காகச் சாயங்காலம் வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். பொய் சொன்னவனுக்குத் துணைக்குப் பொய்தான் இருக்கும். அன்றைக்கு அவருக்கு அதுதான் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் ஆலை ஸ்டோருக்குக் கிரேஸ் போன் செய்தாள். "விடுவிச்சிட்டாங்க பாய். இப்ப எடுத்துக்கலாம்."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினார். பணத்தை வாங்கும்போது பாஸ்புக்கையும் பதியச் சொன்னார். இன்றைக்கு எடுத்த எட்டாயிரம் மட்டும் ஒரு வரியாக விழுந்தது.

"அந்த ஆறாயிரம் திரும்பி வந்தது இதுல இல்லயேமா?"

"போயிருந்தாத்தானே பாய் திரும்பி வர்றதுக்கு?" என்றாள் கிரேஸ்.

சங்கிலியை வாங்கி, சிவப்புப் பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். மின்சார ரயில் பொன்னேரி, மீஞ்சூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நிதானமாகப் போயிற்று. சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் வண்டி மாறி, திரிசூலத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாக விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கூட்டத்தில் மருமகன் மொஹசின்தான் முதலில் பார்த்தான். "மாமா!" என்றான். தள்ளுவண்டியில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பர்ஹானா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். வாப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, அதே வேகத்தில் பயந்தது.

"காய்ச்சலோட ஏன் வாப்பா இவ்ளோ தூரம்..." என்று அருகில் வந்து நெற்றியில் புறங்கையை வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். எங்கும் சூடில்லை.

"காய்ச்சலே இல்ல" என்றாள்.

ஹனீப் சிவப்புப் பெட்டியை எடுத்து நீட்டினார். ஓட்டல், கார்டு, நிறுத்தி வைத்த பணம், கிழித்த சீட்டு என்று முன்னுக்குப் பின்னாகச் சொல்லிக்கொண்டே போனார். "வெறுங்கையோட எப்படிமா அத்தினி பேர் முன்னாடி..." என்று முடிக்காமல் நிறுத்தினார்.

பர்ஹானா பெட்டியைத் திறக்கவில்லை.

"உங்களுக்குன்னு தனியா சோறு எடுத்து மூடி வெச்சிருந்தேன். காய்ச்சல் விட்டா சாயங்காலமாவது வருவீங்கன்னு" என்றாள். "இன்னா கொண்டாந்தாருன்னு ஒருத்தர் கேக்கல வாப்பா. ஏன் வரலன்னுதான் எல்லாரும் கேட்டாங்க."

மொஹசின் கடிகாரத்தைப் பார்த்து, பிறகு பார்க்காத மாதிரி வேறுபுறம் திரும்பினான். அவனும் நல்ல பையன்தான், என்ன செய்வான்.

"இவன ஒரு தரம் வாங்கிக்கோங்க" என்று பர்ஹானா குழந்தையை நீட்டினாள். ஹனீப் இரண்டு கையாலும் வாங்கினார். வேர்வையும் ரயில் புழுதியுமாக இருந்த அந்த அந்நியரைப் பார்த்துக் குழந்தை உதட்டைப் பிதுக்கி வீரிட்டது, உடம்பை வளைத்துத் தாயிடம் தாவியது. சங்கிலியைப் போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை. பர்ஹானா அதைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இனி எப்பமா?"

"ரெண்டு வருஷம் ஆவும் வாப்பா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிக்கெட்டைக் காவலரிடம் காட்டி உள்ளே நடந்தாள்.

ஹனீப் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தாயின் தோளுக்கு மேலே பேரனின் முகம் தெரிந்தது. அழுகை நின்றிருந்தது. வழியனுப்ப வந்த கூட்டத்தை அவன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். ஹனீப் கையை உயர்த்தி ஆட்டினார். குழந்தை அவரையும் பார்த்தது, பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தது.